"இந்தப் பேப்பர் ஏன் நின்னுச்சு?" இன்டர்வியூவில் அரியர், குறைந்த மார்க் பற்றிக் கேட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கிற பக்கம் உட்காருகிறவர்களில் நானும் ஒருவன். அது தெரிந்ததாலோ என்னவோ, ஊட்டி, கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் பக்கத்துப் பிள்ளைகள் பி.காம். முடித்ததும் என்னிடம் வந்து திரும்பத் திரும்ப ஒரே சந்தேகத்தைக் கேட்கிறார்கள். பெரும்பாலும் பி.காம்., பெரும்பாலும் அக்கவுண்ட்ஸ் வேலை, பெரும்பாலும் ஒரே ஒரு பேப்பர். அதனால் அதை வைத்தே எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணா, மார்க் கம்மின்னு அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாமா?

எல்லாப் பேப்பரும் பாஸ் என்றால் சொல்ல வேண்டியதில்லை. மார்க் ஷீட் அவர்கள் கையில்தான் இருக்கிறது, வேண்டுமென்றால் கேட்பார்கள். "என்னைப் பத்திச் சொல்லுங்க" என்றதுமே "சார், எனக்கு மார்க் கொஞ்சம் கம்மி" என்று தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அதைச் சுற்றியேதான் போகும்.

ஆனால் பேப்பர் இன்னும் பாக்கி இருந்தால் கதை வேறு. அது அவர்கள் கேட்டு வெளியே வரக் கூடாது. ரெஸ்யூமிலேயே இருக்க வேண்டும். எப்படி எழுதுவது என்று கீழே சொல்கிறேன்.

52 பர்சென்ட்தான் வச்சிருக்கேன். ஏன் இவ்ளோ கம்மின்னு கேட்டா என்ன சொல்றது?

மொத்த சதவீதத்துக்குக் காரணம் சொல்லப் போகாதீர்கள். மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஒரே காரணம் யாருக்கும் இருக்காது, அப்படிச் சொன்னால் கேட்கிறவருக்குச் சாக்கு மாதிரித்தான் படும். மார்க் ஷீட்டை முந்தின நாள் ராத்திரி எடுத்து வைத்து, எந்த செமஸ்டர் கீழே இழுத்தது, எந்தப் பேப்பர் இழுத்தது என்று பாருங்கள். முதல் இரண்டு செமஸ்டர் மோசம், அப்புறம் ஏறியிருக்கிறது என்பது நிறையப் பேருக்கு உண்டு. தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது படித்துவிட்டு வந்து இங்கிலீஷில் எழுதியவர்களுக்கு அநேகமாக இப்படித்தான் இருக்கும். அதைச் சொல்லுங்கள், ஆனால் எண்ணோடு சொல்லுங்கள். "முதல் வருஷம் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் 44, மூணாவது வருஷம் இன்கம் டேக்ஸ் 63 சார்." அவ்வளவு போதும். கேட்கிறவர் மார்க் ஷீட்டில் அந்த இரண்டு வரியையும் தேடிப் பார்ப்பார், இருக்கும். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

ஏறவே இல்லை, ஆறு செமஸ்டரும் ஒரே மட்டம் என்றால், வேலைக்குத் தேவையான பேப்பர்களை மட்டும் எடுத்துப் பேசுங்கள். அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறவருக்கு உங்கள் சுற்றுச்சூழல் பேப்பர் மார்க்கைப் பற்றிக் கவலை கிடையாது.

எல்லாம் பாஸ்தான். ஆனா "இந்த ஒரு பேப்பர் மட்டும் ஏன் லேட்டா இருக்கு"ன்னு கேட்டாங்க. எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டில் ஒவ்வொரு பேப்பருக்கும் நேரே தேர்ச்சி பெற்ற மாதமும் வருஷமும் இருக்கும். நிறையப் பேர் மார்க் கட்டத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறவர் முதலில் பார்ப்பது இந்தத் தேதிக் கட்டத்தைத்தான். மூன்றாவது செமஸ்டர் பேப்பர்கள் எல்லாம் நவம்பர் 2022 என்று இருக்க, கார்ப்பரேட் அக்கவுண்டிங் மட்டும் நவம்பர் 2023 என்று இருந்தால், நடுவில் ஏப்ரலில் ஒரு தடவை எழுதி அதிலும் பாஸ் ஆகவில்லை, அல்லது எழுதவே இல்லை என்று தெரிந்துவிடும். அரியரை ஏப்ரல், நவம்பர் இரண்டிலுமே எழுதலாம் என்பது அவருக்கும் தெரியும்.

அதனால் "ஒரே தடவைதான் போச்சு சார்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். இரண்டு தடவை போயிருந்தால் இரண்டு என்று சொல்லுங்கள். ஒரு பேப்பர் இரண்டு தடவை போனதற்காக யாரையும் நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை, தேதி பொருந்தாத பதிலுக்காக அனுப்பியிருக்கிறோம். கணக்கு எழுத வருகிறவர் தேதியை மாற்றிச் சொல்கிறார் என்றால் எங்களுக்கு அது மார்க் பிரச்சினையே இல்லை.

இன்னும் ஒரு பேப்பர் நிக்குது. அதைக் கேட்டா என்ன வார்த்தையில சொல்றது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நிஜமாக நடந்த ஒன்றை வைத்து. குந்தா பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஐந்தாவது செமஸ்டர் காஸ்ட் அக்கவுண்டிங் பாக்கி. மார்க் ஷீட்டில் இன்டர்னல் 17, எக்ஸ்டர்னல் 24, மொத்தம் 41, பக்கத்தில் ஆர்.ஏ., அதாவது மறுபடி எழுத வேண்டும் என்று இருந்தது. என்னோடு உட்கார்ந்திருந்தவர் வேறு ஊரில் வேறு படிப்பு படித்தவர், "நாற்பது எடுத்தா பாஸ்தானே, இது என்ன ஆர்.ஏ.?" என்றார். அவள் படித்த இடத்தில் மொத்தம் 40 எடுத்தால் மட்டும் போதாது, 75-க்கு நடக்கிற செமஸ்டர் தேர்வில் தனியாக 30 எடுத்தாக வேண்டும். அவள் அதை ஒரே வாக்கியத்தில் சொன்னாள். பிறகு சொன்னது ஏறக்குறைய இது:

"பிராப்ளம்ல பிராசஸ் காஸ்டிங்கும் கான்ட்ராக்ட் காஸ்டிங்கும் எனக்கு வரல சார். தியரியை வச்சு ஒப்பேத்திடலாம்னு போனேன், பிராப்ளம்தான் நெறைய வந்துச்சு. இந்த ஏப்ரலுக்கு ஃபீஸ் கட்டிட்டேன், ரசீது இருக்கு. பரீட்சை அன்னைக்கு ஒரு நாள் மட்டும் லீவு வேணும்."

இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எது போனது, எவ்வளவில் போனது, ஏன் போனது, எப்போது முடியும், அதற்கு ஆதாரம் என்ன. கூடவே, வேலைக்குச் சேர்ந்தால் எங்களுக்கு என்ன சிரமம் வரும் என்பதையும் அவளே சொல்லிவிட்டாள். ஒரு நாள் லீவு. அதற்கு மேல் கேட்க எங்களுக்கு ஒன்றும் இல்லை. சொல்லி முடித்ததும் நிறுத்தினாள் பாருங்கள், அதுதான் நிறையப் பேரால் முடிவதில்லை. எதிரில் இருப்பவர் சும்மா இருந்தால் பயந்துபோய் "அது வந்து சார், அப்போ வீட்லயும்..." என்று இழுத்துக்கொண்டே போவார்கள். அவர் பெரும்பாலும் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

சரி, அதே பேப்பர்லேர்ந்து அங்கேயே கேள்வி கேட்டா?

கேட்பார்கள். அக்கவுண்ட்ஸ் வேலை என்றால் கட்டாயம் கேட்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன பேப்பரை அப்புறம் திறந்து பார்த்தீர்களா என்று தெரிந்துகொள்ள அதைவிடச் சுலபமான வழி கிடையாது. இன்டர்வியூவுக்கு முன்னால் வேறு எதுவும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு பேப்பரில், நீங்களே "வரல" என்று சொல்லப்போகிற ஒரு பாடத்தையாவது கணக்குப் போடுகிற அளவுக்குத் தயார் செய்துகொண்டு போங்கள்.

மேலே சொன்ன பெண்ணிடம் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் வித்தியாசம் என்ன என்று கேட்டோம். புத்தக விளக்கத்தை விட்டுவிட்டுக் கொழுந்திலிருந்து ஆரம்பித்தாள். ஆயிரம் கிலோ பச்சைக் கொழுந்து ஃபேக்டரிக்கு வந்தால் அதில் பெரும்பகுதி ஈரம், வாட்டி அரைத்துக் காய வைத்தபின் 230 கிலோ தூள் வரும் என்று வைத்துக்கொண்டாள். நான்கு கிலோவுக்கும் கொஞ்சம் மேலே கொழுந்து போட்டால் ஒரு கிலோ தூள் என்பது மலையில் எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். போன 770 கிலோ நார்மல் லாஸ், அதற்குத் தனியாக மதிப்புக் கிடையாது, மிச்சம் உள்ள தூள்தான் அந்தச் செலவைச் சுமக்கும். கொழுந்து விலை 20,000, விறகு, கரண்டு, கூலி எல்லாம் 7,600, ஆக 27,600. இதை 230-ஆல் வகுத்தால் கிலோ 120 ரூபாய். அன்றைக்கு மெஷின் கோளாறில் 220 கிலோதான் வந்தது என்றால், குறைந்த 10 கிலோ அப்நார்மல் லாஸ். 120 வீதம் 1,200 ரூபாயைத் தூளின் விலையில் ஏற்றாமல் காஸ்டிங் பிராஃபிட் அண்ட் லாஸ் கணக்குக்குத் தள்ள வேண்டும். மீதி 220 கிலோ அதே 120-இல் 26,400-க்கு நிற்கும்.

அவள் போட்ட எண்கள் சும்மா எடுத்துக்கொண்டவை, விலை இன்றைக்கு என்ன என்பது அங்கே முக்கியமில்லை. ஆனால் 24 மார்க்குக்கு அதற்கப்புறம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. கான்ட்ராக்ட் காஸ்டிங் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது, அது வேறு விஷயம்.

மழையில ரோடு அடைஞ்சு பரீட்சைக்குப் போக முடியல. உண்மையிலேயே அதான் நடந்துச்சு. நம்புவாங்களா?

மலையில் இருக்கிறவர் நம்புவார். நவம்பர் செமஸ்டர் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே சமயத்தில்தான் வருகின்றன. மரம் விழுவதும் மண் சரிவதும் பஸ் நிற்பதும் இங்கே புதுசா என்ன? 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் சரிந்த சரிவை இன்னும் யாரும் மறக்கவில்லை. ஆனால் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ஏ.சி. ரூமில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு "மழை" என்றால் நனைகிற மழை மட்டும்தான். அவருக்கு இடத்தையும் நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போக வேண்டும், எந்த ரோடு எப்போது அடைந்தது, எப்போது திறந்தார்கள். அன்றைய செய்தித்தாள் துண்டு போனில் இருந்தால் நல்லது, நீட்ட வேண்டாம், கேட்டால் காட்டலாம்.

இன்னொன்று, இந்தக் காரணம் மார்க் ஷீட்டோடு ஒத்துப்போக வேண்டும். பரீட்சைக்குப் போகவில்லை என்றால் அந்த செமஸ்டர் மார்க் ஷீட்டில் எழுதாதவர் என்ற குறி இருக்கும், மார்க் இருக்காது. 19 மார்க் என்று போட்டிருக்கிற பேப்பருக்கு மழையைச் சொன்னால் எடுபடாது. அடுத்து அவர் கேட்பது "சரி, அடுத்த ஏப்ரல்ல எழுதினீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு மழை பதில் சொல்லாது.

வீட்டுல தோட்டம், கொழுந்து பறிக்க நான்தான் போகணும். அதைச் சொன்னா பாவப்படுற மாதிரி ஆயிடாதா?

எப்படிச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "கஷ்டப்பட்ட குடும்பம் சார்" என்று மட்டும் சொன்னால் பாவப்படத்தான் செய்வார்கள், அதை வைத்து வேலை தர மாட்டார்கள். "காலையில கொழுந்து எடுத்து லீஃப் ஏஜென்ட் வண்டியில எடை போட்டுட்டுத்தான் காலேஜ் பஸ் பிடிப்பேன், முதல் பீரியட் நெறைய போச்சு, முதல் பீரியட்ல இருந்த அந்த ஒரு பேப்பர்தான் அடிவாங்குச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னான். அது காரணம். முதல் பீரியடுக்கும் போன பேப்பருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கொழுந்து எடைக் கணக்கு பழகியவன் என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது, தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு, மனசு சரியில்லாமல் இருந்தது, இதற்கெல்லாம் விவரம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "அந்த செமஸ்டர் ஒரு மருத்துவப் பிரச்சினை, இப்போ சரியாயிடுச்சு, வேலைக்குத் தடையில்ல" என்ற அளவில் நிறுத்தலாம். அதற்கு மேலே தோண்டுகிறவர் நாகரிகம் இல்லாதவர், அது உங்கள் தப்பில்லை.

இன்டர்னல் மார்க்ல வாத்தியார் கை வச்சிட்டாரு. அதைச் சொல்லலாமா?

வேண்டாம். உண்மையாகவே இருந்தாலும் வேண்டாம். உங்கள் தரப்பு மட்டும்தான் அந்த ரூமில் இருக்கிறது, கேட்கிறவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. நாளைக்கு இங்கே ஒரு மேனேஜரோடு சரிவராவிட்டால் வெளியே போய் இதே மாதிரிச் சொல்வார் என்றுதான் தோன்றும். ரீவேல்யூவேஷன் போட்டீர்கள், விடைத்தாள் நகல் வாங்கினீர்கள் என்றால் அதைச் சொல்லலாம், அது நடந்த விஷயம், காகிதம் இருக்கிறது.

நாங்க கொரோனா பேட்ச். "சும்மா பாஸ் போட்டதுதானே"ன்னு ஒருத்தர் சிரிச்சாரு. என்ன சொல்றது?

கோபம் வரும், தெரியும். 2020 ஆகஸ்டில் அரியர் தேர்வுக்கு ஃபீஸ் கட்டியவர்கள் பாஸ் என்று தமிழக அரசு அறிவித்தது. கடைசி செமஸ்டர் அதில் சேராது. விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2021-இல் அதை ஏற்க முடியாது என்றாகி, தேர்வு வைக்கச் சொன்னார்கள். நிறையப் பேருக்கு முதல் பாதி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. உங்கள் அரியரை அப்புறம் எழுதித்தான் பாஸ் செய்தீர்கள் என்றால் மாதத்தையும் வருஷத்தையும் சொல்லிவிடுங்கள், மூன்றாவது கேள்வியில் சொன்ன அந்தத் தேதிக் கட்டமே சாட்சி. ஆன்லைனில் எழுதினேன் என்றால் ஆன்லைன் என்றே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அப்போது வேறு வழி இல்லை.

ரெஸ்யூம்ல அரியரைப் போடாம பி.காம்.னு மட்டும் போட்டா என்ன? சேந்தப்புறம் பாத்துக்கலாம்ல?

எல்லாப் பேப்பரும் முடியாமல் பட்டம் கிடையாது, புரொவிஷனல் சர்டிஃபிகேட்டும் வராது. அதனால் "பி.காம்." என்று மட்டும் போட்டால் அது பொய். "பி.காம்., 2021–2024, ஒரு பேப்பர் (காஸ்ட் அக்கவுண்டிங்) பாக்கி, ஏப்ரல் 2025-இல் எழுதுகிறேன்" என்று எழுதுங்கள். பெரிய கம்பெனிகள் வெரிஃபிகேஷனுக்கு வெளி ஏஜென்சியிடம் கொடுக்கும், அவர்கள் மார்க் ஷீட்டைப் பல்கலைக்கழகத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். சேர்ந்து மூன்று மாசம் கழித்து அந்த ரிப்போர்ட் வந்தாலும் அன்றைக்கே அனுப்பிவிடலாம் என்று ஆஃபர் லெட்டரில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

அரசு வேலைக்கு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. டி.என்.பி.எஸ்.சி.யில் பட்டம் கேட்கிற பதவிக்கு அறிவிப்பு வெளியான தேதியிலேயே தகுதி இருக்க வேண்டும். அங்கே விளக்கம் சொல்லி ஒன்றும் ஆகாது, பேப்பரை முடித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போட வேண்டியதுதான்.

இன்டர்வியூ முடிஞ்சிருச்சு. அரியரைக் கேட்டப்ப உளறிட்டேன், "ரிசல்ட் வரணும்"னு வேற சொல்லிட்டேன். இப்ப ஏதாவது பண்ணலாமா?

உளறியது மட்டும் என்றால் விட்டுவிடுங்கள், அதற்கெல்லாம் மெயில் போட்டால் மறந்துபோனவருக்கும் ஞாபகப்படுத்தியதாக ஆகும். ஆனால் "ரிசல்ட் வரணும்" என்றீர்களே, ரிசல்ட் வந்து போய்விட்ட பேப்பருக்கு அப்படிச் சொல்லியிருந்தால் அதைத் திருத்தியே ஆக வேண்டும், அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால். அன்றைக்கே, அல்லது மறுநாள் மத்தியானத்துக்குள். ரொம்ப மன்னிப்புக் கேட்காமல், நாலு வரியில்:

"வணக்கம் சார். நேற்று அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கான நேர்காணலில் என் காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரைப் பற்றிக் கேட்டபோது ரிசல்ட் வர வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். அது சரியல்ல. நவம்பரில் எழுதி, தேர்ச்சி பெறவில்லை. ஏப்ரல் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருக்கிறேன், ரசீதை இணைத்துள்ளேன். நன்றி."

இதை அனுப்பினால் வேலை கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் ஏற்கெனவே வேறு ஆளை முடிவு செய்திருக்கலாம். ரசீதை மட்டும் மறக்காமல் இணையுங்கள். "இணைத்துள்ளேன்" என்று எழுதிவிட்டு இணைக்காமல் அனுப்பிய மெயில்கள் என் இன்பாக்ஸில் நிறையக் கிடக்கின்றன.